ஃபுட்பிரிண்ட் கேள்வி-பதில்: அயர்ன் நுனி எங்கே உட்காரும்?

சொந்தமாக ஃபுட்பிரிண்ட் வரைபவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே கையால் சால்டர் செய்யும் போர்டுகளைப் பற்றியவை.

கேள்வி: எட்டுக்கால் எஸ்ஓஐசி ஐசி ஒன்றுக்கு, டேட்டாஷீட்டில் உள்ள கால் அளவையே பேட் அளவாக வைத்து வரைந்தேன். சால்டர் செய்ததும் பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஐசியை விரலால் அழுத்தினால்தான் சர்க்யூட் வேலை செய்கிறது. என்ன தவறு?

ஈயம் காலில் மட்டும் ஒட்டியிருக்கிறது, பேடில் ஒட்டவில்லை. பேட் முழுவதும் காலுக்கு அடியில் ஒளிந்துகொண்டால், அயர்ன் நுனி காலின் மேல்தான் உட்கார முடியும். கால் சூடாகி ஈயத்தை இழுத்துக்கொள்ளும், அடியில் இருக்கும் செம்பு போதிய சூடு ஏறாமலே இருந்துவிடும். லென்ஸ் வைத்துக் காலின் நுனியைப் பாருங்கள். ஈயம் காலிலிருந்து பேடுக்குச் சரிவாக, உட்குழிந்து இறங்கியிருக்க வேண்டும். காலின் மேல் உருண்டையாக நின்றால் அது இணைப்பே இல்லை.

ஆகவே பேடின் ஒரு பகுதி காலைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். அதுதான் அயர்ன் நுனி உட்காரும் இடம். உங்கள் ஐசியையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3.9 மி.மீ. உடல் அகலம் கொண்ட இந்த வகையில், எதிரெதிர்க் கால் நுனிகளுக்கு இடையேயான தூரம் பொதுவாக 5.8 முதல் 6.2 மி.மீ. வரை இருக்கும். பெரிய எண்ணை எடுங்கள். அதில் பாதி 3.1. அதாவது கால் நுனி நடுக்கோட்டிலிருந்து அதிகபட்சம் 3.1 மி.மீ.யில் முடியும். அதற்கு வெளியே 0.8 மி.மீ. விட்டால் பேடின் வெளி விளிம்பு 3.9. ஓவனில் சுடும் போர்டுகளுக்கு இந்த இடத்தில் 0.35 மி.மீ. போதும். அயர்ன் நுனிக்கு அது போதாது.

உள் விளிம்புக்கு எதிர்த்திசையில் யோசிக்க வேண்டும். தூரம் மிகக் குறைவாகவும் (5.8, பாதி 2.9), போர்டில் படியும் கால் பகுதி மிக நீளமாகவும் (1.27) இருந்தால், அதன் குதி 1.63 மி.மீ.யில் இருக்கும். இன்னும் கொஞ்சம் உள்ளே போய் 1.5-இல் பேடை முடித்தால் சரி. ஆக, 1.5 முதல் 3.9 வரை: நீளம் 2.4, மையம் 2.7. முதல் பின்னுக்கு KiCad கோப்பில் அது இப்படி வரும்:

```
(pad "1" smd roundrect
  (at -2.7 -1.905) (size 2.4 0.6)
  (layers "F.Cu" "F.Mask" "F.Paste")
  (roundrect_rratio 0.25))
```

இங்கே பலர் ஒரு பிழை செய்கிறார்கள். KiCad-இன் வழக்கமான ஃபுட்பிரிண்டில் இந்தப் பேடின் நீளம் 1.95, மையம் 2.475. நீளத்தை மட்டும் 2.4 என்று மாற்றி, மையத்தை அப்படியே விட்டால், பேட் இரண்டு பக்கமும் சமமாக வளரும். நமக்கு வேண்டிய 0.45-இல் பாதிதான் வெளியே வரும். மீதி ஐசியின் வயிற்றுக்கு அடியில் போய்விடும். அங்கே ஈயம் ஓடிப் பாலம் போட்டால் கண்ணுக்கும் தெரியாது, எடுக்கவும் வராது. நீளத்தை மாற்றும்போதெல்லாம் மையத்தையும் நகர்த்துங்கள்.

கேள்வி: அப்படியென்றால் பேடின் அகலத்தையும் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். நீளம் அயர்னுக்கு இடம் தருகிறது, அகலமோ பக்கத்துக் காலை நெருங்குகிறது. மேலே சொன்ன ஐசியில் கால்களுக்கு இடையே 1.27 மி.மீ. பிட்ச். 0.6 அகலம் போக 0.67 இடைவெளி மிஞ்சும், கவலையில்லை. 0.5 மி.மீ. பிட்ச் உள்ள ஐசியில் 0.3 அகலம் வைத்தாலே இடைவெளி 0.2தான். மாஸ்க் திறப்பு பேடைவிட ஒவ்வொரு பக்கமும் 0.05 பெரிதாக இருந்தால், நடுவில் நிற்கும் சால்டர் மாஸ்க் கோடு 0.1 மி.மீ. பல இடங்களில் அதற்கும் மெல்லிய கோட்டை அச்சிட முடிவதில்லை. கோடு போய்விட்டால் ஈயம் ஒரு காலிலிருந்து அடுத்ததற்குத் தடையில்லாமல் ஓடும்.

கேள்வி: சாதாரண பின் ஹெடருக்கு 0.8 மி.மீ. துளை வைத்தேன். பின் 0.64 மி.மீ.தான், ஆனாலும் உள்ளே போகவில்லை.

அந்தப் பின் சதுரம், துளை வட்டம். துளைக்குள் போக வேண்டியது பின்னின் மூலைவிட்டம். 0.64-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 0.905 வருகிறது. 1.0 மி.மீ. துளை வையுங்கள். நீங்கள் கொடுக்கும் எண்ணைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் முலாம் பூசிய பிறகு இருக்க வேண்டிய விட்டமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இருந்தாலும் உங்கள் தயாரிப்பாளரின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

துளையைப் பெரிதாக்கிவிட்டுப் பேடை மறந்துவிடாதீர்கள். 1.0 துளைக்கு 1.7 மி.மீ. பேட் வைத்தால் சுற்றிலும் 0.35 செம்பு இருக்கும். பேட் 1.3 என்றே இருந்தால் 0.15தான் மிஞ்சும். ஒருமுறை சால்டர் செய்யும்போது தாங்கிவிடும். ஹெடரைக் கழற்ற வேண்டி வந்தால் பேட் உரிந்து கையோடு வரும். நான் பேடை நீள்வட்டமாக, பின் வரிசைக்குக் குறுக்கே 2.2 மி.மீ. நீட்டி வைப்பது வழக்கம். பக்கத்துப் பின்னை நெருங்காமலே அயர்னுக்கு இடம் கிடைக்கிறது.

இதோடு ஒன்று. கனெக்டர் வரைவதற்கு முன் பிட்ச் 2.5 மி.மீ.யா 2.54-ஆ என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். இரண்டு பின்னில் வித்தியாசம் தெரியாது. 16 பின் வரிசையில் அது 0.6 மி.மீ. ஆகச் சேர்ந்துவிடும், கடைசிப் பின் துளையைத் தவறவிடும்.

கேள்வி: என் ரிலேயின் கால்கள் எல்லாம் சரியாகப் பொருந்தின. ஆனால் காயில் இருக்க வேண்டிய இடத்தில் கான்டாக்ட் வந்துவிட்டது.

டேட்டாஷீட் படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் `BOTTOM VIEW` என்று இருந்திருக்கும். காலடியிலிருந்து பார்த்து வரைந்த படம் அது. நீங்கள் ஃபுட்பிரிண்ட் வரைவதோ போர்டின் மேலிருந்து. இடம் வலம் மாறிவிடும். கால்களின் அமைப்பு சமச்சீராக இருந்தால் பொருத்தும்போது எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. இதே தவறால் என் போர்டுகளில் ஒரு முழு தொகுதி வீணாகியிருக்கிறது. அதற்குப் பிறகு ஃபுட்பிரிண்டை ஒரு தாளில் நூறு சதவீத அளவில் அச்சிட்டு, ஸ்கேல் வைத்து அளவு சரிதானா என்று பார்ப்பேன். அப்புறம் உண்மையான பாகத்தை அந்தத் தாளில் குத்தி நிறுத்தி, பின் எண்களை ஒவ்வொன்றாக டேட்டாஷீட்டோடு ஒப்பிடுவேன். பாகம் கைக்கு வரும்வரை போர்டை ஆர்டர் செய்வதில்லை.

கேள்வி: கிரவுண்ட் பின்னில் மட்டும் ஈயம் உருகிப் பரவுவதில்லை. அயர்ன் வாட்டேஜ் போதவில்லையா?

பெரும்பாலும் அயர்ன் மேல் குற்றமில்லை. அந்தப் பேட் கிரவுண்ட் பிளேனோடு முழுவதுமாக இணைந்திருக்கிறது, நீங்கள் கொடுக்கும் சூட்டை அத்தனை செம்பும் சேர்ந்து உறிஞ்சுகிறது. பேடின் இணைப்பு முறை `Solid` என்று இருந்தால் `Thermal relief` என்று மாற்றுங்கள். நான்கு மெல்லிய கைகள் மட்டும் பேடைப் பிளேனோடு இணைக்கும். 0.5 மி.மீ. அகலக் கைகள் சாதாரண வேலைக்குப் போதும். பல ஆம்பியர் ஓடும் பின்னுக்குக் கைகளை அகலமாக்குங்கள், அங்கே சூடு ஏற நேரம் பிடிக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஐசியின் வயிற்றில் இருக்கும் தெர்மல் பேட் என்றால் கதை வேறு. அங்கே சூட்டைக் கடத்துவதுதான் நோக்கம், அதனால் பிளேனோடு முழுதாகவே இணைக்க வேண்டும். ஆனால் அயர்ன் அங்கே எட்டாது. அந்தப் பேடின் நடுவில் 2 மி.மீ. முலாம் பூசிய துளை ஒன்று வையுங்கள். முதலில் ஓரக் கால்களைச் சால்டர் செய்துவிட்டுப் போர்டைத் திருப்பி, துளைக்குள் ஃப்ளக்ஸ் விட்டு, தடித்த நுனியால் ஈயம் ஊற்றுங்கள். ஈயம் ஐசியின் அடிப்பகுதியில் பளபளவென்று பரவுவதைத் துளை வழியாகவே பார்க்கலாம்.