லாபம் இருக்கிறது, பணம் எங்கே?

வணக்கம் ஐயா,

நான் பங்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் விற்பனையும் நிகர லாபமும் இந்த ஆண்டு 60 சதவீதம் ஏறியிருக்கின்றன. ஆனால் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ மைனஸில் இருக்கிறது. கணக்கில் ஏதோ கோல்மால் என்கிறான் நண்பன். எபிட்டா நன்றாகத்தான் இருக்கிறது. லாபம் வந்தால் பணமும் வரத்தானே வேண்டும்? வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா?

கே.

அன்புள்ள கே,

விற்பதா வைத்திருப்பதா என்று நான் சொல்லப்போவதில்லை. வட்டியும் வரியும் தேய்மானமும் கழிக்கும் முன் உள்ள லாபமான எபிட்டாவையும் ஓரமாக வையுங்கள். வாடிக்கையாளர் பணம் கொடுத்தாரா இல்லையா என்று அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் ‘லாபம் வந்தால் பணமும் வரத்தானே வேண்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருப்பதே அதைத்தான்.

வரத்தான் வேண்டும். எப்போது வரும் என்பதுதான் சங்கதி. சரக்கை ஒப்படைத்து பில் போட்டதுமே அது விற்பனையாகிவிடும், லாபமும் கணக்கில் ஏறிவிடும். பணமோ மூன்று மாதம் கழித்து வரும். அந்தச் சரக்கைச் செய்ய மூலப்பொருளும் கூலியும் முன்னாலேயே கையைவிட்டுப் போயிருக்கும். தொழிலிலிருந்து உண்மையாகவே உள்ளே வந்த பணத்தில், இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் போட்டதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், பொறுமையாகப் படியுங்கள். ஒரு நிறுவனத்தின் ஆண்டு விற்பனை 120. அதாவது மாதத்துக்கு 10. வாடிக்கையாளர்கள் மூன்று மாதக் கடனில் வாங்குகிறார்கள், எனவே வரவேண்டிய பாக்கி 30. மாதாமாதம் 6க்கு மூலப்பொருள் வாங்குகிறது. இரண்டு மாதத்துக்கான சரக்கு எப்போதும் கிடங்கில் இருக்கும், அது 12. வாங்கிய பொருளுக்கு ஒரு மாதம் கழித்துப் பணம் கொடுத்தால் போதும், அது 6. ஆக 30ம் 12ம் 42; அதில் 6 போனால் 36. இந்த 36, தொழில் ஓடுவதற்காக உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும் பணம்.

அடுத்த ஆண்டு விற்பனை 60 சதவீதம் ஏறி 192 ஆகிறது. வேறு எதுவுமே மாறவில்லை. அதே மூன்று மாதக் கடன், அதே இரண்டு மாதச் சரக்கு. மாட்டிக்கொண்ட பணமும் அதே விகிதத்தில் ஏறி 57.6 ஆகிறது. புதிதாக உள்ளே போனது 21.6. லாபம் விற்பனையில் பத்து சதவீதம் என்றால் 19.2. லாபம் முழுவதும் போனாலும் இன்னும் 2.4 குறைகிறது. தேய்மானம் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது லாபத்தில் கழிந்ததே தவிரப் பணமாக வெளியே போகவில்லை, அதனால் திரும்பக் கூட்டுகிறோம், 1.6 மிஞ்சும். புது இயந்திரத்துக்கு 10 செலவானால் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ மைனஸ் 8.4. யாரும் ஒரு பைசா திருடவில்லை, ஒரு எண்ணைக்கூடத் திருத்தவில்லை.

இந்த நிறுவனத்துக்கு 50 சதவீத வளர்ச்சிதான் எல்லை. விற்பனை 180 ஆனால் லாபம் 18, புதிதாக உள்ளே போவதும் 18. அதைத் தாண்டினால், தேய்மானமும் இயந்திரமும் கணக்கில் வரும் முன்பே, லாபம் முழுவதும் பாக்கிக்கும் சரக்குக்கும் போய்விடும். பத்து சதவீத லாபத்தை வைத்துக்கொண்டு, விற்பனையில் முப்பது சதவீதத்தை உள்ளே கட்டிவைக்கும் எந்தத் தொழிலுக்கும் இதே எல்லைதான். வாடிக்கையாளரிடம் சந்தாவை முன்கூட்டியே வாங்கும் நிறுவனங்களுக்கு இது அப்படியே தலைகீழ். அங்கே வளர வளரப் பணம் கொட்டும். அதை இன்னொரு நாள் பேசலாம்.

நான் ஒரு சின்ன உதிரிபாகத் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவன். பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் ஆர்டர் கிடைத்த ஆண்டில்தான் அங்கே சம்பளம் தள்ளிப்போனது. மூன்று ஷிஃப்ட் ஓடியது, லாபம் அதுவரை காணாத லாபம். பாக்கிகளை முப்பது நாள், அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று வயதுவாரியாகப் பிரித்து எழுதும் தாள் ஒன்று என் மேஜையில் இருக்கும். முதலாளி காலையில் வந்ததும் விற்பனைப் புத்தகத்தைத் தொடமாட்டார். அந்தத் தாளில் கடைசிக் கட்டத்தைத்தான் பார்ப்பார். இதற்கு நடுவில் முன்கூட்டிய வரித் தவணை வந்தது. லாபம் கணக்கில் ஏறிவிட்டதால் வரி கட்டியாக வேண்டும், அந்த லாபத்தின் பணமோ இன்னும் வாடிக்கையாளரிடம் இருக்கிறது. கடன் வாங்கித்தான் வரி கட்டினார். அவரைப் பார்த்து யாராவது ‘கோல்மால்’ என்று சொல்லியிருந்தால் நான் சட்டையைப் பிடித்திருப்பேன். உங்கள் நண்பர் மேல் எனக்கு வரும் கோபம் அதனால்தான். ஆண்டறிக்கையைத் திறக்காமலே ஒருவரைத் திருடன் என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

சரி, அப்படியானால் மைனஸைப் பார்த்துப் பயப்படவே வேண்டாமா? வேண்டும். அமெரிக்காவில் டபிள்யூ. டி. கிராண்ட் என்ற பெரிய சில்லறைக் கடைத் தொடர் 1975ல் திவாலானது. அதற்கு முந்தைய பல ஆண்டுகள் அது லாபம் காட்டியது, ஆனால் தொழிலிலிருந்து வரும் பணம் பெரும்பாலும் மைனஸ். புதுப்புதுக் கடைகள் திறந்தது, வாடிக்கையாளருக்குத் தவணைக் கடனை வாரிக் கொடுத்தது. பணப்புழக்க அறிக்கையைக் கட்டாயமாக்கும் விதி அங்கே வந்தது 1987ல்தான். அன்றைய முதலீட்டாளர் அந்த எண்ணைத் தானே கணக்கிட்டு எடுக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அச்சடித்தே தருகிறார்கள், நீங்கள் புரட்டவில்லை.

வளர்ச்சி தின்ற பணமா, வசூலாகாத பணமா என்று பிரித்துப் பார்க்க ஒரே வழி, பாக்கி எத்தனை மாத விற்பனைக்குச் சமம் என்று பார்ப்பது. மேலே சொன்ன நிறுவனம் மாதாமாதம் ஒரே சீராக விற்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் ஆண்டுப் பாக்கி 48, மாத விற்பனை 16. அதே மூன்று மாதம்தான், அது வளர்ச்சி. அதுவே 64 என்றால் நான்கு மாதம். கூடுதலாக நிற்கும் 16க்கு வளர்ச்சி காரணமில்லை. யாரோ பணம் தரவில்லை, அல்லது ஆண்டு முடியும் நேரத்தில் கேட்காதவர் தலையிலும் சரக்கைக் கட்டியிருக்கிறார்கள்.

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். விற்பனை ஏறிக்கொண்டே போகும்போது பாக்கியை ஆண்டு விற்பனையின் மாதச் சராசரியால் வகுக்காதீர்கள். வேகமாக வளரும் நிறுவனத்தில் கடைசி மூன்று மாத விற்பனை ஆண்டுச் சராசரியைவிடப் பெரும்பாலும் பெரிது. ஆண்டு விற்பனை 192ல் கடைசிக் காலாண்டு மட்டும் 57 என்றால், மூன்று மாதக் கடனில் பாக்கியும் 57ஆகத்தான் நிற்கும். அதை மாதச் சராசரி 16ஆல் வகுத்தால் மூன்றரை மாதத்துக்கு மேல் வரும். வசூல் கெட்டுவிட்டது என்று அலறுவீர்கள். கடைசிக் காலாண்டின் மாத விற்பனை 19ஆல் வகுத்தால் சரியாக மூன்று மாதம். சரக்கு இருப்பையும் இப்படியே, அண்மை மாதங்களின் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஃப்ரீ கேஷ் ஃப்ளோ பிளஸில் இருந்தால் நிம்மதி என்றும் நினைக்காதீர்கள். பாக்கிகளை வங்கியிடம் விற்றுப் பணமாக்கியிருக்கலாம், சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டியதை இழுத்தடித்திருக்கலாம். இரண்டும் பெரும்பாலும் கணக்குக் குறிப்புகளில் தெரியும். அப்புறம், வளர்ச்சி நின்றாலும் பணம் கொட்டும். நம் கணக்கில் மூன்றாம் ஆண்டும் விற்பனை 192லேயே நின்று, லாபமும் அதே 19.2ஆக இருந்து, இயந்திரத்துக்குத் தேய்மான அளவே செலவு செய்தால், பாக்கிக்கும் சரக்குக்கும் புதிதாக எதுவும் போகாது, 19.2 முழுவதும் கையில் நிற்கும். அந்த ஆண்டு உங்கள் நண்பர் வாங்கச் சொல்வார்.

கடைசி எட்டுக் காலாண்டுகளின் விற்பனையையும், முடிந்த இரண்டு ஆண்டுகளின் பாக்கியையும் சரக்கு இருப்பையும் எடுத்து எழுதுங்கள். பாக்கி மாதங்கள் ஏறியிருக்கிறதா என்று நீங்களே கணக்கிட்டு, விடையோடு எனக்கு எழுதுங்கள். அதுவரை எதையும் விற்க வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

அன்புடன்.