பால் திரியவில்லை, ஆனாலும் ஏன் கசக்கிறது?

"பால்காரரிடம் சாயங்காலம் வாங்கும் பசும்பாலைக் காய்ச்சாமல் ஃபிரிட்ஜில் வைக்கிறேன். காலையில் காய்ச்சினால் திரிவதில்லை, ஆனால் சோப்பு மாதிரி ஒரு சுவை. மூன்று நாலு நாள் கிடந்தால் கசக்கிறது. ஏன்?"

பாலைப் புளிக்க வைத்துத் திரிய விடும் பாக்டீரியாக்கள் குளிரில் மந்தமாகிவிடும். அதனால்தான் உங்கள் பால் திரியவில்லை. சோப்புச் சுவைக்கும் கசப்புக்கும் காரணம் வேறு.

முதலில் சோப்புச் சுவை. பாலிலேயே லைபேஸ் என்ற நொதி இயற்கையாக உண்டு. கொழுப்பை உடைப்பது அதன் வேலை. பாலில் கொழுப்பு சின்னச் சின்ன உருண்டைகளாக, மேலே மெல்லிய உறையோடு மிதக்கிறது. உறை கிழியாதவரை லைபேஸால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கேனில் பால் குலுங்கி நுரைத்தாலோ, வேகமாக ஆற்றினாலோ உறை கிழியும். உடனே கொழுப்பு அமிலங்கள் பிரிந்து வரும். அவற்றில் பியூட்ரிக் அமிலம் காறல் வாடை தரும். லாரிக் அமிலம் சோப்புச் சுவை தரும். தேங்காய் எண்ணெய்ச் சோப்பில் அதிகம் இருப்பதும் இதே லாரிக் அமிலத்தின் உப்புதான், அதனால் உங்கள் நாக்கு சொன்னது சரியே. கறவை வற்றப்போகும் மாட்டின் பாலில் குலுக்காமலே இது நடக்கலாம். மிச்சமிருக்கும் ஹோமோஜெனைஸ்டு பாக்கெட் பாலைப் பச்சைப் பாலோடு கலந்தால் இன்னும் மோசம்: பாக்கெட் பாலில் உருண்டைகள் ஏற்கெனவே உடைந்திருக்கும், பச்சைப் பாலில் நொதி தயாராக இருக்கும். சில மணி நேரத்திலேயே காறிவிடும்.

நாள் கழித்து வரும் கசப்பு பெரும்பாலும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களின் வேலை. இவை 4 டிகிரி குளிரிலும் பெருகும். மில்லிலிட்டருக்குப் பல லட்சம், கோடி என்று பெருகியதும், இவை விடும் புரோட்டியேஸ் நொதி கேசீன் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. சில துண்டுகள் கசக்கும். இவை லைபேஸும் விடுவதால் காறலும் சேர்ந்துகொள்ளும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காய்ச்சினால் பாலின் சொந்த லைபேஸ் செயலிழந்துவிடும், பாக்டீரியாவும் செத்துவிடும். ஆனால் பாக்டீரியா விட்டுப்போன நொதிகள் சூடு தாங்குபவை. ஒரு பகுதி தப்பிப் பிழைத்து ஃபிரிட்ஜிலும் வேலையைத் தொடரும். வந்துவிட்ட கசப்பை எந்தச் சூடும் போக்காது. உறை ஊற்றினாலும் தயிரில் அதே சுவைதான் இருக்கும். கசந்த பாலைக் கொட்டிவிடுங்கள், குறிப்பாகக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

பால் வந்த உடனே பொங்கக் காய்ச்சி, சீக்கிரம் ஆறவைத்து, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க, இன்றைய பாலில் பாதியை உடனே காய்ச்சி வையுங்கள். மீதியைப் பச்சையாக வைத்துக் காலையில் காய்ச்சுங்கள். இரண்டாவதில் மட்டும் சோப்புச் சுவை வந்தால் பாலின் சொந்த லைபேஸ்தான் காரணமாக இருக்கும். இரண்டிலுமே வந்தால் வாங்கும்போதே பால் கெடத் தொடங்கிவிட்டது. எப்போது கறந்தது, எவ்வளவு நேரம் கேனில் கிடந்தது என்று பால்காரரிடம் கேளுங்கள்.