கழுதையும் கற்பூரமும்: துருக்கியில் எப்படிச் சொல்வார்கள்?

கேள்வி: "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்பதற்கு இணையான பழமொழி துருக்கியில் உண்டா? ஆங்கிலத்தில்?

உண்டு, அங்கேயும் கழுதைதான். "எஷெக் ஹோஷாஃப்தன் நே அன்லார்" என்பார்கள்: "ஹோஷாஃபின் அருமை கழுதைக்கு என்ன புரியும்?" உலர்ந்த திராட்சை, ஆப்ரிகாட் போன்ற பழங்களைச் சர்க்கரையோடு வேகவைத்து, ஆறவைத்துக் குடிக்கும் இனிப்புப் பானம்தான் ஹோஷாஃப். பழமொழிக்கு ஒரு வாலும் உண்டு: "சாற்றைக் குடித்துவிட்டுப் பழத்தை விட்டுவிடும்." எனக்கு மிகவும் பிடித்தது இந்த வால்தான். நம் கழுதைக்கு வாசனையே தெரியாது. துருக்கிக் கழுதையோ குடிக்கிறது, ஆனால் சுவையான பகுதியை விட்டுவிடுகிறது. பாதி மட்டும் புரிந்துகொண்டவரைச் சொல்ல இதுவே பொருத்தம்.

ஆங்கிலத்தில் "பன்றிகளுக்கு முன் முத்துக்களைப் போடாதே" என்பார்கள். இது பைபிளில் மத்தேயு 7:6-இலிருந்து வந்தது. அங்கே பேச்சு பன்றியிடம் இல்லை, போடுகிறவரிடம்: தகுதியில்லாத இடத்தில் கொடுக்காதே என்ற எச்சரிக்கை. தமிழும் துருக்கியும் கேள்வி கேட்டு, பெறுகிறவரின் ரசனையைக் குத்திக்காட்டுகின்றன. அதனால் மொழிபெயர்க்கும்போது, யாரைக் குறை சொல்கிறோம் என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், துருக்கியில் ஒருவரை நேரே 'எஷெக்', அதாவது கழுதை, என்றால் கடும் வசவு. பழமொழியையும் எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.