மழைத்துளி மாயையா?

கேள்வி: ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட்டின் ‘கிரிட்டிக் ஆஃப் பியூர் ரீசன்’ நூலை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கி வருகிறேன். ‘அப்பியரன்ஸ்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். ‘மாயை’ என்று போட்டேன். வடசொல் வேண்டாம், ‘புலப்பாடு’ என்று புதிதாக ஆக்கிக்கொள் என்கிறார் நண்பர். எது சரி?
— ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முதலில் மாயையை அடித்துவிடுங்கள். அது வடசொல் என்பதற்காக அல்ல, கான்ட் சொல்லாததைச் சொல்கிறது என்பதற்காக.

ஜெர்மனில் அவர் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறார். எர்ஷைனுங் என்பது பொருள் நமக்குத் தோன்றும் விதம். ஷைன் என்பது இல்லாததை இருப்பதாகக் காட்டும் மயக்கம். முதலாவதை இரண்டாவதாகப் படித்துவிடாதீர்கள் என்று 1787-இல் வந்த இரண்டாம் பதிப்பில் தனியாக ஒரு விளக்கமே சேர்த்தார். ‘மாயை’ என்றதும் நம் வாசகர் கயிற்றில் பாம்பைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அப்புறம் அவரைக் கான்ட்டிடம் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அதே நூலில் ஒரு வானவில் பத்தி வரும். உங்கள் ஊருக்கு ஏற்ற பத்தி. ஏற்காட்டில் லேடிஸ் சீட் பக்கம் நிற்கிறீர்கள். காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம், அதாவது வெயிலும் மழையும் சேர்ந்து அடிக்கிறது. கீழே சேலத்தின் மேல் ஒரு வானவில். வானவில் வெறும் தோற்றம், மழைத்துளிதான் பொருள் என்போம். கான்ட் விடமாட்டார். துளியும், அதன் உருண்டை வடிவமும், அது விழுகிற வெளியும்கூடத் தோற்றமே என்கிறார். இங்கே ‘மாயை’ என்று போட்டுப் பாருங்கள். துளியே காணாமல் போகிறது. கான்ட்டுக்கோ துளி நனைக்கும். அதை அளக்கலாம், அதை வைத்து விஞ்ஞானமும் செய்யலாம்.

சரி, நண்பரின் ‘புலப்பாடு’? அழகான சொல்தான், ஆனால் அதன் வினைச்சொல் காலை வாருகிறது. ‘அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது’ என்றால் உண்மை விளங்கிவிட்டது என்று பொருள். கான்ட்டின் தோற்றமோ, பொருள் தன்னளவில் எப்படி இருக்கிறது என்பதை ஒருநாளும் விளக்காது.

ஷைனுக்குச் சமஸ்கிருதத்தில் பொருத்தமான சொல் உண்டு: ஆபாசம். போலி என்பதே அதன் பொருள். வாதத்துக்குக் காட்டும் காரணமான ஏதுவைப் போலத் தோன்றும் போலி ஏது ‘ஹேத்வாபாசம்’. பல வருடங்களுக்கு முன் எங்களுக்கு வந்த தத்துவக் கட்டுரையில் பக்கத்துக்கு நாலு ‘ஆபாசம்’. மெய்ப்புப் பார்த்தவர் எல்லாவற்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, ‘குடும்பங்கள் வாசிக்கிற பத்திரிகை’ என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். அவர் மேல் தப்பில்லை. தமிழுக்கு வந்த வடசொல் இங்கே என்ன பொருளில் வாழ்கிறதோ அதுதான் கணக்கு.

இந்தச் சிக்கலை மணிமேகலை முன்பே பார்த்திருக்கிறது. 29-ஆம் காதையில் பௌத்த அளவையை, அதாவது தர்க்கத்தைப் பேசும்போது பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வடசொற்களைத் தமிழ் ஒலிக்கு மாற்றி எடுத்துக்கொள்கிறார் சாத்தனார். ஆனால் ஆபாசம் வருகிற இடத்தில் ‘போலி’ என்கிறார்: பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி. ஒரே தொடரில் பாதி கடன், பாதி வீட்டுச் சரக்கு. அடுத்த காதையில் ஒன்றைச் சார்ந்து ஒன்று வருவதாகப் பௌத்தம் சொல்லும் 12 சார்புகளைப் பட்டியலிடும்போது பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று தமிழாகவே போகிறது. நடுவில் ‘ஆதல்’ என்று பொருள்படும் ‘பவம்’ மட்டும் அப்படியே நிற்கிறது. (‘உரு’ தமிழா வடசொல்லா என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும்.) பவத்தை அவர் ஏன் விட்டார்? பக்கத்திலேயே பிறப்பைக் குறிக்கத் ‘தோற்றம்’ வருகிறது. பவத்தையும் தமிழாக்கினால் இரண்டும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும் என்று நினைத்திருப்பார். இது என் ஊகம்.

ஆகவே உங்களுக்கு என் சிபாரிசு: எர்ஷைனுங் தோற்றம், ஷைன் போலித்தோற்றம். ‘தோன்றுகிறது’ என்ற வினை கையோடு வருகிறது, இரண்டுக்கும் உள்ள உறவும் சொல்லிலேயே தெரிகிறது. ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. மணிமேகலையில் பார்த்தீர்களே, தோற்றம் என்றால் பிறப்பும்தான். ‘மொழியின் தோற்றம்’ என்று இன்றும் எழுதுகிறோம். கருத்துகள் எங்கிருந்து பிறக்கின்றன என்று கான்ட் அடிக்கடி கேட்பார். அங்கெல்லாம் ‘பிறப்பிடம்’ என்றே எழுதுங்கள். தவறிப்போய் ஓரிடத்தில் ‘கருத்துகளின் தோற்றம்’ என்று விழுந்தால் வாசகர் குழம்பிவிடுவார். காரணம், காரியம் போன்ற வடசொற்களை அப்படியே விட்டுவிடுங்கள். சந்தைக்குப் போகிறவரும் சொல்கிற சொல்லுக்கு மாற்று தேடி ‘ஏதுமை’ என்றெல்லாம் உண்டாக்க வேண்டாம்.

எந்த ஆங்கில மொழிபெயர்ப்பு உங்கள் கையில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. மெய்கில்ஜானின் 1855 மொழிபெயர்ப்பு எர்ஷைனுங்கை ‘ஃபினாமினன்’ என்கிறது, பிற்கால மொழிபெயர்ப்புகள் ‘அப்பியரன்ஸ்’ என்கின்றன. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து எழுதினால் ஒரே ஜெர்மன் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொல் வந்துவிடும். ஓரத்தில் ஜெர்மன் சொல்லைப் பென்சிலில் குறித்துக்கொண்டே வாருங்கள். வானவில் பத்தி முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.