குடியிருப்போர் கூட்டத்தில் இரண்டு நிமிடம்

வணக்கம். மடிப்பாக்கத்தில் 24 வீடுகள் உள்ள அடுக்ககத்தில் இருக்கிறோம். பின்பக்கம் 2400 சதுர அடி திறந்தவெளி. மழைநீர்க் குழிகளும் பழைய கிணறும் அங்கேதான். அது முழுவதற்கும் கான்கிரீட் போட வேண்டும் என்று செயலாளர் தீர்மானம் கொண்டுவருகிறார். எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் வயதில் பெரியவர், சம்பளம் வாங்காமல் பல வருடமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். போன கூட்டம் சண்டையில் முடிந்ததால் இந்த முறை ஆளுக்கு இரண்டு நிமிடம்தான். அவர் மனம் நோகாமல், அதே சமயம் தெளிவாக எப்படி மறுத்துப் பேசுவது?
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கூட்டத்தில் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. முந்தின நாளே செயலாளரைப் பார்த்து, “சார், நாளைக்கு இந்தத் தீர்மானத்தில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது, கூட்டத்தில் சொல்லப்போகிறேன், உங்களிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று வந்தேன்” என்று சொல்லிவிடுங்கள். அவரைச் சம்மதிக்கவைக்கப் போகவேண்டாம். பல வருடம் உழைத்த மனிதருக்கு, எல்லார் முன்னாலும் முதல்முறையாக எதிர்ப்பைக் கேட்பதுதான் வலிக்கும், எதிர்ப்பு அவ்வளவாக வலிக்காது. அப்போதே அவர் ஏன் இதைக் கேட்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மழை வந்தால் சேறு, பெரியவர்கள் வழுக்கி விழுவது, வண்டி நிறுத்த இடமில்லாதது, குட்டையில் கொசு, இவற்றில் எது அவரை உறுத்துகிறது என்று தெரியாமல் நீங்கள் எழுதும் பேச்சு காற்றில்தான் போகும்.

வெறுமனே “வேண்டாம்” என்று மட்டும் நீங்கள் சொன்னால், வந்திருப்பவர்கள் முன்னால் இருப்பது செயலாளரா நீங்களா என்ற கேள்விதான். அவர் தண்ணீர் லாரிக்கு போன் பண்ணுகிறவர், லிஃப்ட் நின்றால் ஓடி வருகிறவர், ஆகவே அவருக்குத்தான் கை தூக்குவார்கள், உங்கள் காரணம் எவ்வளவு சரியாக இருந்தாலும். அதனால் தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுபோங்கள். அவர் சொன்ன தொல்லையும் தீர வேண்டும், குழிகளும் பிழைக்க வேண்டும், அப்படி ஒன்று. உதாரணமாக, நடைபாதைக்கு நாலடி அகலம், வண்டி நிற்கும் இடம், இவ்வளவுக்கு மட்டும் கான்கிரீட்; மீதி மண்ணாகவே இருக்கட்டும்; வாட்டம் கேட் பக்கம் போகாமல் குழிகளின் பக்கம் இருக்கட்டும். இதை ஒரு தாளில் இரண்டு வரியாக எழுதி, வழிமொழிய ஒருவரை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் நெருங்கிய தோழியாக இல்லாமல், வழுக்கி விழுவதைப் பற்றிக் கவலைப்படுகிற பெரியவர் யாராவது என்றால் இன்னும் நல்லது.

அப்புறம் கணக்கு. ஒரே ஒரு எண் போதும், அதையும் எல்லாரும் அங்கேயே போட்டுப் பார்க்க முடிய வேண்டும். ஒரு சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 0.93 லிட்டர். உங்கள் 2400 சதுர அடியில் 10 சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 22,000 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு 12,000 லிட்டர் லாரி. ஐப்பசி கார்த்திகையில் ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் பெய்வது சென்னைக்குப் புதிதில்லை. ஆனால் இந்த இடத்தில் ஜாக்கிரதை: அத்தனையும் கிணற்றுக்குள் இறங்கும் என்று சொல்லிவிடாதீர்கள். களிமண்ணாக இருந்தால் மெதுவாகத்தான் இறங்கும், கொஞ்சம் வழிந்தும் போகும். கூட்டத்தில் ஒரு இஞ்சினியர் நிச்சயம் இருப்பார், அவர் எழுந்து அதைத் திருத்தினால் உங்கள் பேச்சு முழுவதும் தப்பு என்றே மற்றவர்களுக்குப் படும். “விழுகிற தண்ணீர்” என்று மட்டும் சொல்லுங்கள்.

இரண்டு நிமிடம் என்றால் கையெழுத்தில் முக்கால் பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

“தலைவர் சார், எல்லாருக்கும் வணக்கம். பின்பக்கம் மழைக்காலத்தில் சேறாகிறது, பெரியவர்கள் நடக்கப் பயப்படுகிறார்கள். இதைச் சரிசெய்ய வேண்டும் என்று செக்ரட்டரி சார் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். முழு இடத்துக்கும் கான்கிரீட் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அங்கே 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 22,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது, அதாவது கிட்டத்தட்ட இரண்டு லாரி. முழுக்க மூடினால் அது கேட் வழியாகத் தெருவுக்குப் போகும், கோடையில் நாம் லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டுவோம். அதனால் ஒரு திருத்தம் தருகிறேன். நடைபாதைக்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் மட்டும் கான்கிரீட் போடலாம், மீதி இடம் மண்ணாக இருக்கட்டும், வாட்டம் குழிகளின் பக்கம் இருக்கட்டும். இந்தத் திருத்தத்தை முதலில் ஓட்டுக்கு விடும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி.”

நிதானமாக வாசித்தாலும் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும், மீதி அரை நிமிடம் யாராவது குறுக்கிட்டால் உதவும். இதில் “நீங்கள்” என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பேச்சு முழுவதும் தலைவரைப் பார்த்து, செயலாளரைப் பார்த்து இல்லை. “யாரைக் கேட்டு முடிவு பண்ணினீர்கள்”, “எப்பவுமே இப்படித்தான்” மாதிரி ஒரு வரி வாயில் வந்துவிட்டால் கான்கிரீட் பேச்சு அங்கேயே முடிந்தது, அடுத்த அரை மணி நேரம் யார் எதைச் சொன்னார்கள் என்பதுதான் ஓடும். ஒப்பந்தக்காரரிடம் யாருக்கோ கமிஷன் என்று சந்தேகம் இருந்தால் அதை இந்த இரண்டு நிமிடத்துக்குள் கொண்டுவரவே கூடாது. மூன்று கொட்டேஷன் வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும் என்று தனியாக, எல்லா வேலைக்கும் பொருந்தும் விதியாகக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம். இது உங்களுக்குச் சாதகம்தான், ஆனாலும் பேச்சில் நான் அதை வைக்கவில்லை. முதலிலேயே சட்டத்தை எடுத்தால் மாநகராட்சியில் புகார் கொடுக்கப்போகிறீர்கள் என்று காதில் விழும். யாராவது “குழி எதுக்கு, மூடினால் என்ன” என்று கேட்டால் அப்போது ஒரு வரியில் சொல்லுங்கள்: “அது நம் எல்லார் பொறுப்பும்தான் சார், சட்டமும் அதைத்தான் சொல்கிறது.”

யாராவது சீண்டுவார்கள். “வாடகைக்கு இருந்தவங்க நேத்துதான் வீடு வாங்கினாங்க, அதுக்குள்ள பேச வந்துட்டாங்க” என்கிற மாதிரி. பதில் சொல்லவே வேண்டாம். “தலைவர் சார், என் திருத்தம் பற்றிக் கேள்வி இருந்தால் சொல்கிறேன்” என்று சொல்லி உட்கார்ந்துவிடுங்கள். குரல் உயர்ந்தால் தலைவர் அடக்க வேண்டியது அவரைத்தான்.

திருத்தம் தோற்றுவிட்டால், உங்கள் மறுப்பை மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு வரி பதியும்படி கேளுங்கள், உங்கள் பங்குப் பணத்தையும் தாமதிக்காமல் கட்டிவிடுங்கள். கூட்டம் கலைவதற்குள் இன்னொன்றையும் கேட்டுப் பெறலாம், இதற்கு யாரும் மறுக்கமாட்டார்கள்: கான்கிரீட் போடும் முன் குழிகள் இருக்கும் இடங்களைச் சுண்ணாம்பால் குறித்து, மேலே ஓட்டை போட்ட மூடி வைத்து, தளத்தின் வாட்டத்தை அந்த மூடிகளை நோக்கியே இறக்க வேண்டும் என்று. மேஸ்திரி வருகிற அன்று செயலாளரோடு நீங்களும் நின்று அந்த இடங்களைக் காட்டுங்கள்.