மூன்றெழுத்து அடித்தால் முழு முகவரி: படிவம் ஏன் ஏற்க மறுக்கிறது?

கேள்வி: வேர்டில் em என்று அடித்தால் அலுவலக மின்னஞ்சல் முகவரி வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். பிரவுசரில் திறக்கும் படிவத்தில் அது வருவதே இல்லை. கூட வேலை பார்ப்பவர் ஆட்டோஹாட்கீ போட்டுக் கொடுத்தார். இப்போது முகவரி வருகிறது, ஆனால் படிவம் "தவறான முகவரி" என்று திருப்பி அனுப்புகிறது. சில சமயம் சம்பந்தமில்லாத இடத்திலும் முகவரி வந்து விழுகிறது. தமிழ் வாக்கியங்களையும் இப்படி வைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: வேர்டில் நீங்கள் வைத்தது AutoCorrect பட்டியலில் இருக்கிறது. அது வேர்டு, அவுட்லுக், எக்செல் போன்ற ஆபீஸ் புரோகிராம்களுக்கு மட்டுமே சொந்தம். பிரவுசருக்கு அப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. ஆட்டோஹாட்கீ அப்படியல்ல. விசைப்பலகையில் விழும் எழுத்துகளைக் கவனித்துக்கொண்டே இருந்து, சுருக்கம் வந்ததும் அதை அழித்துவிட்டு முழுச் சொற்றொடரை அடிக்கிறது. அதனால் எந்த விண்டோவிலும் வேலை செய்யும். உங்கள் இரண்டு தொல்லைகளும் அதை அமைத்த விதத்தில் வருபவை.

முதலில் "தவறான முகவரி". உங்கள் கோப்பில் அநேகமாக இப்படி ஒரு வரி இருக்கும்:

```
::em::office@example.com
```

இந்த வடிவத்தில் em அடித்தவுடன் எதுவும் நடக்காது. ஸ்பேஸ், டேப், என்டர், புள்ளி, காற்புள்ளி என்று ஏதாவது ஒரு முடிவுக் குறி வந்தால்தான் விரியும். விரிந்த பிறகு அந்தக் குறியும் கூடவே போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் ஸ்பேஸ் தட்டி விரிக்கிறீர்கள் என்றால் `.com` என்பதற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி உட்கார்ந்திருக்கிறது. சில படிவங்கள் அதைத் தாமே வெட்டிக்கொள்ளும். வெட்டாத படிவம் முகவரியே தவறு என்கிறது. சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டத்தில் `End` விசையைத் தட்டுங்கள். கர்சர் m எழுத்தை ஒட்டி நிற்காமல் ஓரிடம் தள்ளி நின்றால் அந்த இடைவெளிதான் காரணம்.

இதற்குப் பலர் சொல்லும் மருந்து, முடிவுக் குறியை விழுங்கிவிடும் `O` என்ற விருப்பம். கடிதம் அடிப்பவருக்கு அது சரிப்படும். படிவம் நிரப்புபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் ஒரு கட்டத்தை முடித்ததும் பழக்கத்தில் டேப் தட்டுவீர்கள். `O` இருந்தால் அந்த டேப்பும் விழுங்கப்படும். முகவரி விரியும், ஆனால் கர்சர் அதே கட்டத்தில் நிற்கும். அடுத்து நீங்கள் அடிக்கும் தொலைபேசி எண் முகவரியின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். திரையைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்து அடிப்பவர்களுக்கு இது பெரிய ஆபத்து.

உங்கள் வேலைக்குப் பொருத்தமானது `*` விருப்பம். சுருக்கத்தின் கடைசி எழுத்து விழுந்த கணமே விரிந்துவிடும். முடிவுக் குறிக்குக் காத்திருக்காது. பிறகு நீங்கள் தட்டும் டேப் டேப்பாகவும், காற்புள்ளி காற்புள்ளியாகவும் அதனதன் வேலையைச் செய்யும்.

ஆனால் `*` போட்டால் சுருக்கங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். `xe` என்று ஒன்றும் `xem` என்று ஒன்றும் வைத்தால், e அடித்ததும் முதலாவது விரிந்துவிடும். இரண்டாவதை உங்களால் எட்டவே முடியாது. இதைத் தவிர்க்க ஒரே விதி போதும்: எல்லாச் சுருக்கமும் சரியாக மூன்றெழுத்து. நீளம் ஒன்றாக இருந்தால் ஒன்று இன்னொன்றின் தொடக்கமாக அமைய வழியில்லை.

முகவரி கண்ட இடத்தில் விழுவதற்குக் காரணம் em என்ற தேர்வு. them என்ற சொல்லுக்குள் வரும் em விரியாது. முன்னால் எழுத்தோ எண்ணோ இருந்தால் ஆட்டோஹாட்கீ பேசாமல் இருந்துவிடும். ஆனால் 24-em என்ற கோப்பு எண்ணில் கோட்டுக்குப் பின் வரும் em அதற்குப் புதுச் சொல். அங்கே தாராளமாக விரியும். `*` போட்ட பிறகு இன்னும் மோசம்: employee என்று அடிக்கத் தொடங்கினாலே போதும். ஆகவே எந்தச் சொல்லின் தொடக்கத்திலும் வராத எழுத்துக் கூட்டு வேண்டும். x எழுத்தில் தொடங்குவது எனக்குப் பிடிக்கும். அரைப்புள்ளியில் தொடங்குபவர்களும் உண்டு. அதுவும் நல்ல வழிதான், ஆனால் அதே சுருக்கங்களைக் கைப்பேசியிலும் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் குறிகள் பக்கத்துக்குப் போய்வர வேண்டும். x எழுத்திலும் சில கூட்டுகளை விட்டுவிடுங்கள். `xer` வைத்தால் xerox அடிக்க முடியாது. `xii` ரோமன் எண். `xls` வைத்தால் கோப்பின் பெயரில் புள்ளி வைத்து xls அடித்ததும் பெயரே பாழாகும்.

இனி கோப்பை எழுதுவோம். கணினியில் இருப்பது ஆட்டோஹாட்கீ 2ஆம் பதிப்புதானா என்று முதலில் பாருங்கள். 1ஆம் பதிப்பின் கட்டளைகள் வேறு. நோட்பேடில் கீழுள்ளதை அடித்து `short.ahk` என்ற பெயரில் சேமியுங்கள்.

```
#Requires AutoHotkey v2.0
#SingleInstance Force

:*:xdt::
{
    SendText FormatTime(, "dd-MM-yyyy")
}

#Hotstring * C1 T
::xem::office@example.com
::xpf::Please find attached the
::xkk::தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்.
```

`#Hotstring` வரியில் உள்ளது அதற்குக் கீழே வரும் எல்லாச் சுருக்கங்களுக்கும் பொருந்தும். `*` ஏற்கெனவே சொன்னதுதான். `C1` இல்லாவிட்டால், நீங்கள் அடித்த எழுத்தின் அளவைப் பார்த்து விரிவின் அளவும் மாறும்: கேப்ஸ் லாக் போட்டுப் பெயர் அடித்துக்கொண்டிருக்கும்போது XEM அடித்தால் முகவரி முழுக்கப் பெரிய எழுத்தில் வரும். `T` என்பது "எழுதியதை எழுதியபடியே அடி" என்று சொல்வது. அது இல்லாமல் தொலைபேசி எண்ணை `+` குறியோடு வைத்தால், கூட்டல் குறியை ஷிஃப்ட் விசை என்று எடுத்துக்கொண்டு முதல் இலக்கத்துக்குப் பதில் வேறு குறியை அடித்துவிடும். எண்ணின் முதல் இலக்கம் `$` ஆகவோ `^` ஆகவோ மாறியிருந்தால் காரணத்தை இங்கே தேடுங்கள்.

`xdt` அன்றைய தேதியைத் தரும். அதில் `MM` பெரிய எழுத்தில்தான் இருக்க வேண்டும். சிறிய `mm` என்றால் மாதத்துக்குப் பதில் நிமிடம் வரும். காலை 10 மணி 7 நிமிடத்துக்குச் சோதித்தால் 07 என்று வந்து ஜூலை போலவே காட்டும், அதனால் ஒரு தரம் பார்த்துவிட்டு நம்பிவிடாதீர்கள்.

கோப்பை இருமுறை சொடுக்கினால் ஓடத் தொடங்கும். கடிகாரத்தின் பக்கத்தில் H எழுத்துள்ள பச்சைச் சின்னம் வரும். கோப்பைத் திருத்தினால் அந்தச் சின்னத்தின் மேல் வலப்பக்கச் சொடுக்கில் `Reload Script` கொடுங்கள். அதைக் கொடுக்கும்வரை பழைய பட்டியல்தான் ஓடிக்கொண்டிருக்கும். தினமும் தானாக ஓட, `Win+R` தட்டி `shell:startup` என்று கொடுத்துத் திறக்கும் ஃபோல்டரில் கோப்பின் ஷார்ட்கட்டைப் போட்டுவையுங்கள்.

தமிழ் வாக்கியங்கள் தாராளமாக வரும். `xkk` ஆங்கில விசைப்பலகையில் இருக்கும்போதே தமிழ் வரியைக் கொட்டிவிடும். மொழி மாற்றத் தேவையில்லை. தமிழுக்குப் பதில் புரியாத குறிகள் வந்தால் கோப்பு `UTF-8` முறையில் சேமிக்கப்படவில்லை என்று அர்த்தம். நோட்பேடில் `Save As` கொடுத்து கீழே `Encoding` கட்டத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போதுதான் சிக்கல். அப்போது நீங்கள் x தட்டினாலும் x என்ற எழுத்து விழுவதில்லை, ஆகவே சுருக்கத்தை நம்ப முடியாது. முழுக்கத் தமிழிலேயே அடிப்பவர் என்றால் எழுத்துச் சுருக்கத்தை விட்டுவிட்டு விசைக் கூட்டு வைத்துக்கொள்ளுங்கள். கீழுள்ளது `Ctrl+Alt+9` தட்டினால் அடிக்கும்:

```
^!9::SendText "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம்."
```

பல வரிகள் உள்ள அஞ்சல் முகவரியை வைக்கத் தோன்றும். ஒவ்வொரு வரி முடிவும் ஒரு என்டர் என்பதை மறக்க வேண்டாம். வேர்டில் அது புது வரி. அரட்டைப் பெட்டியில் முதல் வரியை அனுப்பிவிடும், சில படிவங்களில் பாதியிலேயே சமர்ப்பித்துவிடும். ஆகவே பிரவுசருக்கென்று காற்புள்ளியால் பிரித்த ஒற்றை வரி வடிவம் ஒன்று தனியாக இருக்கட்டும். நீளமான வரியில் நடுநடுவே எழுத்துகள் காணாமல் போனால், அந்தப் பக்கம் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்ப்பதால் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. அந்த ஒரு சுருக்கத்தின் தொடக்கத்தை `:SE K30:` என்று மாற்றினால் விசைக்கு விசை 30 மில்லிசெகண்ட் விட்டு நிதானமாக அடிக்கும்.

ஒரு குறிப்பிட்ட விண்டோவில் மட்டும் எதுவுமே விரியவில்லை என்றால் அந்தப் புரோகிராம் நிர்வாகி உரிமையோடு ஓடிக்கொண்டிருக்கலாம். சாதாரண உரிமையில் ஓடும் ஆட்டோஹாட்கீயை விண்டோஸ் அதற்குள் அடிக்க விடாது. இது உங்கள் கோப்பின் தவறல்ல.

கடவுச்சொல்லையோ வங்கிக் கணக்கு எண்ணையோ இதில் வைக்காதீர்கள். `short.ahk` வெறும் எழுத்துக் கோப்பு. திறப்பவர் யாரும் படிக்கலாம்.

கடைசியாக அனுமதி விஷயம். கூட வேலை பார்ப்பவர் போட்டுக் கொடுத்தது என்கிறீர்கள். கணினிப் பிரிவுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விசைகளைக் கவனிக்கும் புரோகிராம் என்பதால் சில வைரஸ் தடுப்பான்கள் இதைச் சந்தேகப்படும். அனுமதி இல்லை என்றால் விண்டோஸிலேயே இருக்கும் `Win+V` உங்களுக்குப் பாதி வழி. முதல் முறை தட்டும்போது `Turn on` கொடுத்துவிட்டு, முகவரியை ஒருமுறை காப்பி செய்து, பட்டியலில் அதைப் பின் குத்தி வையுங்கள். கணினியை அணைத்துப் போட்டாலும் அது இருக்கும். மூன்றெழுத்துக்குப் பதில் `Win+V`, பிறகு ஒரு சொடுக்கு. ஆனால் வால் இடைவெளி ஒட்டாது, காப்பி செய்யும்போது நீங்களே சேர்த்து எடுத்திருந்தால் தவிர.