கேப்ஸ்யூல் போலத் தெரியும் மாத்திரையைப் பொடிக்கலாமா?

கேள்வி: "என் அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரை நோய்க்கு இரவில் மெட்ஃபார்மின் எக்ஸ்.ஆர். 1000 ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கேப்ஸ்யூல் மாதிரி நீளமாக இருக்கிறது, ஆனால் திறக்க முடியவில்லை. தொண்டையில் சிக்குகிறது என்று தினமும் பயப்படுகிறார். மேலே இருப்பது வெறும் பூச்சுதானே, பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்கலாமா?"

வேண்டாம். ஏற்கெனவே பொடித்துக் கொடுத்துவந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

உங்கள் கையில் இருப்பது கேப்ஸ்யூலே அல்ல. கேப்ஸ்யூல் வடிவில் அழுத்திச் செய்த மாத்திரை, கேப்லெட் என்பார்கள். திறப்பதற்கு அதில் கூடு கிடையாது. ஆயிரம் மில்லிகிராம் மருந்தை வட்டமாகச் செய்தால் அகலமாகி, தொண்டையில் குறுக்கே நிற்கும். நீளமாகச் செய்தால் நேராக வழுக்கிக்கொண்டு போகும். வடிவம் சொல்வது அவ்வளவுதான். மருந்து உள்ளே எப்படி வேலை செய்யும் என்பதை அது சொல்லாது.

பூச்சு இன்னும் கொஞ்சம் சொல்லும். மாத்திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பொறித்த எழுத்தோ கோடோ கூர்மையாகத் தெரிந்தால் அது ஃபிலிம் பூச்சு: வெங்காயத் தோல்போல மெல்லியது, மாத்திரையின் எடையில் சில சதவீதமே இருக்கும். முனையெல்லாம் உருண்டு, கண்ணாடி போலப் பளபளத்து, எழுத்து மையால் அச்சிடப்பட்டிருந்தால் பெரும்பாலும் சர்க்கரைப் பூச்சு. இது தடிமனானது, கசப்பை மறைக்கப் பல அடுக்குகளாகப் போடுவார்கள். ஆனால் குடலுக்குப் போன பிறகே கரையும் பூச்சும் பார்ப்பதற்குச் சாதாரண ஃபிலிம் பூச்சு போலத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பூச்சுள்ள அமிலம் குறைக்கும் மாத்திரை பான்டோபிரசோல், அதைப் பொடித்தால் வயிற்று அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

உங்கள் அம்மாவின் மாத்திரையில் முக்கியமானது பூச்சுகூட அல்ல, உள்ளே இருக்கும் பசை. தண்ணீர் பட்டதும் அது ஜெல்லி போல ஊதி, மருந்தைப் பல மணி நேரம் சிறிது சிறிதாகக் கசியவிடும். எக்ஸ்.ஆர். என்ற எழுத்துக்கு இதுதான் பொருள். எஸ்.ஆர்., ஈ.ஆர். என்றாலும் இதே பொருள்தான். மலத்தில் சில நாள் மெத்தென்ற வெற்றுக்கூடு வந்தால் பயப்பட வேண்டாம், மருந்து இறங்கிவிட்டது. பொடித்தால் இந்த ஏற்பாடு உடைந்து, இரவு முழுவதற்குமான மருந்து ஒரே மூச்சில் இறங்கும். குமட்டல், வயிற்றுப்போக்கு வரும். விடியற்காலைக்கு மருந்து போதாமல் போகலாம்.

என்னைக் கோபப்படுத்துவது இதுதான்: அட்டையின் பின்னால் எறும்பு அளவில் எழுத்து, 'பொடிக்காதே' என்று பெரிதாக ஒரு வரி போட யாருக்கும் மனமில்லை. அதைவிட மோசம், அட்டையை வெட்டி நான்கு மாத்திரையைக் காகித உறையில் போட்டுத் தரும் கடைக்காரர். எக்ஸ்.ஆர். என்ற எழுத்து வெட்டிய துண்டோடு போய்விடுகிறது. "அதே மருந்துதான், கம்பெனிதான் வேறு" என்று சாதாரண மெட்ஃபார்மினைக் கொடுத்தாலும் உங்களுக்குத் தெரியாது. பெயரும் அந்த எழுத்துகளும் தெரியும் துண்டாகக் கேட்டு வாங்குங்கள். சீட்டில் எக்ஸ்.ஆர். இருந்தால் அட்டையிலும் இருக்க வேண்டும்.

நடுவில் கோடு இருந்தால் உடைக்கலாமே என்பீர்கள். இங்கே ஒரு விதிவிலக்கைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், பலரும் குழம்புவது இதில்தான். இரத்த அழுத்தத்துக்கான மெட்டோபிரோலால் சக்சினேட் மெதுவாக இறங்கும் மருந்துதான். ஆனாலும் கோடு போட்ட அதன் பல மாத்திரைகளைப் பாதியாக உடைக்கலாம். அவற்றுக்குள் நூற்றுக்கணக்கான நுண்ணிய மணிகள் இருக்கின்றன, ஒவ்வொரு மணிக்கும் தனிப் பூச்சு. கோட்டில் உடைத்தால் மணிகள் இரண்டு பக்கமும் பிரியுமே தவிர, பெரும்பாலும் உடையாது. நசுக்கினாலோ மென்றாலோ மணிகளே உடைந்துவிடும். ஆக, உடைக்கலாம், பொடிக்கக் கூடாது. இந்த அனுமதி அந்த மாத்திரைக்கு மட்டும்தான், உங்கள் அம்மாவின் கேப்லெட்டுக்கு இல்லை.

இனி விழுங்குவது. கேப்லெட் தண்ணீரில் மூழ்கும், கூடுள்ள கேப்ஸ்யூல் மிதக்கும். அம்மாவை நிமிர்ந்து உட்காரவைத்து, முதலில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். பிறகு மாத்திரையை நாக்கில் நீளவாக்கில் வைத்து, நிறையத் தண்ணீரோடு ஒரே மடக்காக விழுங்கட்டும். தலையை அண்ணாந்து பின்னால் சாய்க்க வேண்டாம். விழுங்கியதும் படுக்கவும் வேண்டாம். கூடுள்ள கேப்ஸ்யூலாக இருந்தால் தாடையைச் சற்றுக் கீழே தாழ்த்தி விழுங்கினால் எளிது.

வெறும் தண்ணீர் குடிக்கும்போதே இருமலோ புரையேறுதலோ வந்தால், பிரச்சினை மாத்திரையில் இல்லை, விழுங்கும் திறனில். அப்போது டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இல்லையென்றாலும் அவரிடம் நேராகக் கேளுங்கள்: "எக்ஸ்.ஆருக்குப் பதிலாகச் சாதாரண மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமை வேளைக்கு ஒன்றாக, உணவோடு இரண்டு வேளை தர முடியுமா, அல்லது திரவ மருந்து உண்டா?" சாதாரண மெட்ஃபார்மின் மாத்திரை சிறியது. அதைப் பொடித்தால் கசக்கும், ஆனால் கெடுதல் இல்லை. மாற்றும்போது வேளைக் கணக்கையும் அவரே சீட்டில் எழுதித் தரட்டும்.